நகத்தில் கறுப்புக் கோடு: காத்திருப்பதா, காட்டுவதா?

கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் வேலை செய்யும் என் மாமாவுக்குக் கட்டைவிரல் நகத்தில் கறுப்பு. "கல் விழுந்திருக்கும்" என்றார். எப்போது என்று கேட்டால் நினைவில்லை.

நகத்தில் கறுப்பு அடிபட்ட இரத்தக்கட்டாகவும் இருக்கலாம், நிறமி படிந்த கோடாகவும் இருக்கலாம்.

நகரும் விதம்: இரத்தக்கட்டு நகத்தோடு முன்னேறும், நகத்தின் வேர்ப்பக்கம் தெளிவான நகம் முளைக்கும். நிறமிக்கோடு வேர்ப்பக்கத்திலிருந்து நுனிவரை அறுபடாமல் நிற்கும்.

சோதனை எளிது. கறுப்பின் வேர்ப்பக்க விளிம்புக்கு நேராக நகத்தில் லேசாகக் கீறிவிட வேண்டும். விரல்நகம் மாதம் 3 மி.மீ. அளவு வளரும். ஒரு மாதத்தில் கீறலும் கறுப்பும் சேர்ந்து நகர்ந்தால் இரத்தக்கட்டு. மாமாவுக்குக் கீறல் மட்டுமே நகர்ந்தது.

எத்தனை விரல்: பல நகங்களில் பழைய மெல்லிய கோடுகள் நம் நிறத்தவர்க்குச் சகஜம். நடுவயதில் ஒரே நகத்தில் புதிதாக வந்தால் காட்ட வேண்டும்.

உருவம்: சீரான மெல்லிய கோட்டைக் கவனித்து வரலாம். 3 மி.மீ.க்கு மேல் அகன்றால், வேர்ப்பக்கம் விரிந்தால், நகம் பிளந்தால், கறுப்பு தோலுக்குப் பரவினால் மாதக் கணக்கெல்லாம் வேண்டாம். உடனே தோல் மருத்துவர். அது மெலனோமா புற்றுநோயாக இருக்கலாம். உறுதிசெய்யத் திசுப் பரிசோதனை தேவை.

மாமாவைத் தர்மபுரிக்கு அனுப்பிவைத்தோம்.