இன்றைய விலையா, அன்றைய விலையா?

வேளச்சேரியில் எங்கள் அடுக்ககச் சங்கம் மொட்டைமாடியில் 4 லட்ச ரூபாய்க்குச் சோலார் போடலாமா என்று கணக்குப் போட்டது. லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணத்தில் இன்றைய விலையில் ஆண்டுக்கு 60,000 மிச்சம். 10 ஆண்டுக் கணக்கு. பணவீக்கம் 5%, எதிர்பார்க்கும் வட்டி 10.25%. கட்டணமும் பணவீக்க அளவிலேயே ஏறும் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் வழி: தொகையை 60,000 ஆகவே விட்டு, வட்டியிலிருந்து பணவீக்கத்தை எடுப்பது. 1.1025-ஐ 1.05-ஆல் வகுத்தால் உண்மை வட்டி 5%. வெறுமனே கழித்தால் 5.25% வரும், அது தோராயம்தான். இந்த வட்டியில் பத்து ஆண்டு மிச்சத்தையும் இன்றைக்கு என்ன பெறும் என்று குறைத்துக் கூட்டினால், அதுதான் இன்றைய மதிப்பு, சுமார் 4.63 லட்சம்.

இரண்டாவது வழி: முதல் ஆண்டு 63,000, அடுத்து 66,150 என்று ஏற்றி, 10.25% வட்டியில் இன்றைய மதிப்புக்குக் குறைப்பது. விடை அதே 4.63 லட்சம்.

எங்கள் முதல் தாளில் ஏறாத 60,000-ஐ 10.25%-ல் குறைத்திருந்தோம். 3.65 லட்சம்தான் வந்தது. நல்ல திட்டத்தைக் கைவிட இருந்தோம்! தலைகீழாக, ஏற்றிய தொகையை 5%-ல் குறைத்தால் 6 லட்சம் என்று ஏமாற்றும். சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள், விடை வேறானால் எங்கோ இன்றைய விலையும் அன்றைய விலையும் கலந்துவிட்டன.

எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். கடன் தவணை போன்ற மாறாத தொகை இருந்தால் அதை அப்படியே எழுதலாம். முதல் வழியில் அதை ஆண்டுதோறும் பணவீக்கத்தால் வகுத்துச் சுருக்க வேண்டும், அதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.