கறி தின்றேன்: ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் பேசும் தமிழில் "மரம் வெட்டினேன்" என்று சொன்னால் வெட்டியது யார் என்பது வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்து வீட்டு மலையாளி "ஞான் மரம் வெட்டி" என்கிறார். அவருடைய வினைமுற்றில் 'நான்' இல்லாததால் அதை வெளியே வைக்கிறார். இந்த வேறுபாட்டைக் காட்டி, ஒரு வாக்கியத்தையே ஒரு சொல்லில் அடக்கும் பாலிசிந்தெடிக் மொழிகளின் வரிசையில் தமிழையும் சேர்க்கலாம் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். எழுவாயை வினை சுமப்பது உலகில் பரவலாகக் காணப்படுவது. செயப்படுபொருளாகிய பெயர்ச்சொல்லே வினையின் வயிற்றுக்குள் புகுகிறதா என்பதுதான் கடினமான சோதனை. அதைப் பெயரிணைப்பு என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

மெக்சிகோவின் நவாட்ல் மொழியில் ஒரே செய்தியைச் சொல்ல இரண்டு வழிகள் உள்ளன. 'நிக்க்வா இன் நகத்ல்' என்றால் "நான் அந்த இறைச்சியை உண்கிறேன்". 'நி' நான், அடுத்த 'க்' அதை, 'க்வா' உண். இறைச்சியாகிய 'நகத்ல்' வெளியே தனிச் சொல்லாக நிற்கிறது. மற்றொன்று 'நினகக்வா'. (இரண்டிலும் ககரத்தை வல்லினமாகவே ஒலிக்க வேண்டும், நம் எழுத்து அதைக் காட்டாது.) இதில் இறைச்சி உள்ளே போய்விட்டது. போகும்போது பெயருக்குரிய '-த்ல்' என்ற ஈற்றை இழந்து 'நக' என்று குறுகியிருக்கிறது. 'அதை' என்னும் 'க்' மறைந்துவிட்டது. பொருளும் சற்று மாறுகிறது: குறிப்பிட்ட ஓர் இறைச்சித் துண்டு பேச்சில் இல்லை, இறைச்சி உண்ணுதல் என்ற செயல்தான் இருக்கிறது. பெயரிணைப்பு என்று ஒன்று உண்டா என்ற விவாதத்தில் அமெரிக்க மொழியியலாளர் எட்வர்ட் சப்பிர் 1911-இல் உண்டு என்று நிறுவியபோது எடுத்துக்காட்டியவற்றுள் இந்த இணையும் ஒன்று.

நம்மிடமும் இதைப் போன்ற இணை இருக்கிறதே என்று தோன்றும். "கறியைத் தின்றேன்" என்றால் குறிப்பிட்ட கறி. "கறி தின்றேன்" என்றால் பொதுவான செயல். பொருள் வேறுபாடு ஏறக்குறைய அதேதான். ஆனால் கட்டமைப்பைத் தொட்டுப் பார்த்தால் ஒற்றுமை கலைகிறது. "கறியும் தின்றேன்", "கறிதான் தின்றேன்", "கறி நேற்றே தின்றேன்" என்று இரண்டுக்கும் நடுவே எதை வேண்டுமானாலும் செருகலாம். நவாட்லில் 'நக'வுக்கும் 'க்வா'வுக்கும் இடையே ஒரு தனிச் சொல்லையும் நுழைக்க முடியாது. ஈற்றும் அதையே சொல்கிறது. 'மரப்பெட்டி', 'மரநிழல்' என்ற தொகைகளில் மகர ஈறு கெடுகிறது. "மரம் வெட்டினேன்" என்பதில் ஈறு அப்படியே நிற்கிறது, 'மரவெட்டினேன்' என்று யாரும் சொல்வதில்லை. "நாலு பெரிய மரம் வெட்டினேன்" என்று அடைமொழியும் சேர்க்கலாம். ஆக, மரம் வாசற்படியில்தான் நிற்கிறது, உள்ளே வரவில்லை. எழுத்தில் இடைவெளி விடுகிறோமா என்பதை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது. ஓலைச்சுவடியில் இடைவெளியே கிடையாது.

கிரீன்லாந்து மொழி இன்னொரு துருவம். 'கிம்மெகர்பொக்' என்றால் "அவனிடம் நாய் இருக்கிறது". கிம்மெக் நாய், நடுவிலுள்ள '-கர்-' உடைமை, ஈறு அவன். இங்கே பெயர்தான் அடி. உடைமையைச் சொல்லும் உறுப்பு வெறும் ஒட்டு. எங்கள் ஊர்க் கடையில் "ஏலக்காய் உண்டா?" என்றால் "உண்டு" என்று ஒரே சொல்லில் பதில் வருகிறது. கிரீன்லாந்து மொழியிலோ அந்த '-கர்-' ஒரு பெயரின் தோளில் ஏறாமல் வாய்திறக்க முடியாது. இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் நவாட்ல் பேச்சாளரின் உரிமை இங்கே இல்லை. இந்தக் காரணத்தால்தான் சப்பிர் இத்தகைய மொழிகளைப் பெயரிணைப்பின் கணக்கில் சேர்க்கவில்லை. பின்வந்தோரில் சிலர் சேர்த்தனர். என் சாய்வு சப்பிரின் பக்கம்: தனி வினையோடு தனிப்பெயர் இணைவதும், ஒட்டு ஒன்று பெயரை வினையாக்குவதும் வெவ்வேறு வேலைகள்.

நண்பருக்கு நான் விட்டுக்கொடுத்தது ஒன்று உண்டு: 'கைவிடு'. "அவளைக் கைவிட்டான்" என்பதில் கை செயப்படுபொருள் அன்று. அந்த இடம் காலியாகி 'அவளை' அதில் அமர்ந்திருக்கிறது. 'இரண்டு கை விட்டான்' என்று எண்ணைச் சேர்த்தால் பொருளே குலைகிறது. பெயரிணைப்புக்கு நாம் மிக நெருங்கும் இடம் இதுதான். ஆனால் இதே வார்ப்பில் புதிதாக 'கால்விடு' என்று ஒன்றை நாளைக்கே நானும் அவரும் வார்த்துப் பேசினால், கடைக்காரருக்கு அது புரியாது.