ஓடிஜி சுத்தம் செய்ய ஆள் கூப்பிடுகிறீர்களா? முதலில் அவர் கையிலிருக்கும் டப்பாவைப் படியுங்கள்

மேஜை மேல் வைக்கும் சின்ன மின்சார அவனைத்தான் ஓடிஜி என்கிறேன். மூன்று வருடமாக ஓடியது என்னுடையது. பின்சுவரிலும் அடித்தட்டிலும் எண்ணெய் தெறித்துத் தெறித்து, அதுவே சுட்டுச் சுட்டு, வார்னிஷ் பூசியது போலப் பழுப்பாக இறுகிவிட்டிருந்தது. துணியால் துடைத்தால் துணிதான் நைந்தது. வீட்டுக்கே வந்து சமையலறைச் சாதனங்களைச் சுத்தம் செய்து தரும் ஒரு சேவையில் பதிவு செய்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வந்த பையன் மரியாதையானவன்தான். ட்ரே, கம்பி வலை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தான். பிறகு ஒரு ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி, உள்ளே எல்லா இடத்திலும் வெள்ளை நுரையாக அடித்தான். சுவர், தரை, மேலே இருக்கும் ராடு, கீழே இருக்கும் ராடு, ஒன்றையும் விடவில்லை.

"தம்பி, காயில் மேல எல்லாம் படுதேப்பா?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. சூடு பண்ணா இன்னும் நல்லா கழண்டு வரும்."

சொல்லிவிட்டு கதவை மூடி ஸ்விட்சைப் போட்டான். ரெண்டு நிமிஷத்தில் தொண்டை காந்தி, கண்ணில் தண்ணீர் வந்து, எல்லோரும் பால்கனிக்கு ஓடினோம். அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தவன் செய்கிறான் என்று விட்டுவிட்டேன்.

துடைத்து முடித்தபோது பழுப்பு போயிருந்தது உண்மை. கூடவே சுவரின் வெள்ளிப் பளபளப்பும் போய், மேகம் படிந்தது போலக் கருஞ்சாம்பல் திட்டுகள். கீழ் ராடுகளின் மேல், குறிப்பாக அவை சுவருக்குள் நுழையும் முனைகளில், உப்புப் பூத்தது போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. "சோப்புதான்க்கா, தானா போயிடும்" என்றான். மறுநாள் காலை ஸ்விட்சைப் போட்டதும் வீடு முழுக்க கரண்ட் போனது. கரண்ட் எங்காவது ஒழுகினால் தானே அணைந்துவிடும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுந்திருந்தது. தூக்கிவிட்டு மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது.

பழைய மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, ராடு ஒவ்வொன்றின் ஒயரையும் தனியாக எடுத்து மீட்டர் வைத்தார். மேல் ராடுகளில் மீட்டர் அசையவே இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். கீழே இருந்த இரண்டில் ஒன்றில், ராடின் முனைக்கும் ஓடிஜி பாடிக்கும் இடையே சுமார் 4 கிலோ ஓம் காட்டியது. அவர் விரலை மடக்கிக் கணக்கே போட்டுக் காட்டினார்: 230 வோல்ட்டை 4,000ஆல் வகுத்தால் 57 மில்லி ஆம்பியருக்கு மேல் பாடிக்கு ஒழுகுகிறது, பிரேக்கர் 30லேயே விழுந்துவிடும். "பிரேக்கர் இல்லாத வீடா இருந்து, எர்த்தும் சரியில்லன்னா, பாடியத் தொட்டதும் ஷாக்தான்மா" என்றார்.

ஏன் இப்படி ஆனது என்று அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. நாம் காயில் என்று சொல்லும் அந்த உலோக ராடு வெறும் கம்பி இல்லை. வெளியே எஃகுக் குழாய். நடுவில் சூடாகும் நைக்ரோம் கம்பிச் சுருள். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க, இடையில் மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தப் பொடி காய்ந்திருக்கும் வரை கரண்டைத் தடுக்கும். ஈரம் குடித்தால் தடுக்காது. முனைகளில் இருக்கும் சிறு அடைப்புதான் அதற்குக் காவல், நுரை வழிந்து போய்த் தேங்கியதும் சரியாக அங்கேதான். வெறும் தண்ணீர் புகுந்திருந்தால் காயவைத்துப் பிழைக்க வைக்க வாய்ப்பு உண்டாம். அந்த நுரையில் இருந்ததோ காஸ்டிக் சோடா. தானே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், கரண்டையும் கடத்தும். ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்தோம், பலனில்லை. ராடை மாற்ற வேண்டியதாயிற்று.

சுவர்த் திட்டுக்கும் அதுவே காரணம். பல ஓடிஜிகளின் உட்சுவர், எஃகுத் தகட்டின் மேல் அலுமினியப் பூச்சு கொடுத்தது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். பூச்சு போன இடத்தில் இனி துருப் பிடிக்கும். கண்ணாடி போல வழவழவென்று இருக்கும் எனாமல் சுவருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளும். மங்கிய வெள்ளி நிறச் சுவருக்கு ஆகாது. பையன் மறந்து விட்டுப்போன டப்பாவில் இதெல்லாம் பொடி எழுத்தில் இருந்தது: காஸ்டிக் சோடாவின் இன்னொரு பெயரான சோடியம் ஹைட்ராக்சைடு உள்ளது, அலுமினியத்தில் பயன்படுத்தக் கூடாது, ஹீட்டர்களில் படக் கூடாது.

புகார் கொடுத்தேன். "ராடு பழசு, அதுவாகவே போயிருக்கும்" என்று பதில். முந்தின நாள் வரை ஓடியது என்பதற்கு என்னிடம் வீடியோவா இருக்கிறது? அதனால் ஒன்று செய்யுங்கள்: யாரை அழைத்தாலும் அவர் கை வைக்கும் முன், ராடு சிவந்து எரிவதையும் சுவரின் நிறத்தையும் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நானே செய்து கொள்கிறேன். பிளக்கைப் பிடுங்கி, முழுதாக ஆறவிடுவேன். அரை கப் சமையல் சோடாவில் மூன்று நாலு ஸ்பூன் தண்ணீர் விட்டு, தோசை மாவை விடக் கெட்டியாக, சாய்த்தால் வழியாத பதத்தில் குழைப்பேன். வழியாத பதம்தான் இதில் முக்கியம். பழைய பிரஷால் சுவரிலும் தரையிலும் மட்டும் தடவுவேன். ராடிலிருந்தும் அதன் முனைகளிலிருந்தும் இரண்டு விரல் தள்ளி நிறுத்திக்கொள்வேன். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கும். காலையில் பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினால் பழுப்புக் களிம்பாக வரும். நன்றாகப் பிழிந்த துணியால் நாலைந்து முறை துடைப்பேன், கடைசித் துணியில் மட்டும் கொஞ்சம் வினிகர். சோடாவை மிச்சம் விட்டு சூடாக்கக் கூடாது: சூட்டில் அது இன்னும் காரமாகி அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். கம்பி நார் கிட்டவே வராது. அதன் இழை ஒன்று உதிர்ந்து ராடு முனையில் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும்.

ராடுக்கு ஈரமே கிடையாது. சுவர் சுத்தமாகி, கதவைத் திறந்து ஒரு நாள் காய்ந்த பிறகு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, காலியாக முழுச் சூட்டில் 15 நிமிடம் ஓட்டுவேன். ராடில் ஒட்டிய எண்ணெய் புகைந்து சாம்பலாகிவிடும். அந்த நேரம் பக்கத்திலேயே நிற்பேன். தரையில் எண்ணெய் மிச்சமிருந்தால் தீப்பிடிக்கக் கூடும், அதனால்தான் சுவரும் தரையும் முதலில். ஆறியதும் காய்ந்த மெல்லிய பெயிண்ட் பிரஷால் தட்டினால் சாம்பல் உதிர்ந்துவிடும். உங்களுடையது உலோக ராடு இல்லாமல் குவார்ட்ஸ் குழாய் என்றால் விரலால்கூடத் தொடாதீர்கள். கை எண்ணெயும் உப்பும் பட்ட இடம் சூட்டில் வெளுத்து, நாளடைவில் விரியும்.

எல்லாக் கறையும் போகாது, சொல்லிவிடுகிறேன். பின்சுவரில் மூலையில் தேன் நிறத்தில் ஒரு வளையம் இன்னும் இருக்கிறது, மூன்று முறை தடவியும் அசையவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பக்கத்தில் இருக்கும் சாம்பல் திட்டைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.