டெக்ஸ்டைல் படிக்க எந்தப் பட்டியலைப் பார்ப்பது?

சோமனூரில் விசைத்தறி ஓட்டும் எங்கள் அக்காவின் மகள், கவுன்சலிங்கில் சாய்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மூன்று தாள்களோடு வந்தாள். அவளுக்கு வேண்டியது பி.டெக் டெக்ஸ்டைல் டெக்னாலஜி. "மாமா, மூணுலயும் மூணு வரிசையா இருக்குதுங்க. எதை நம்பறது?" என்று கேட்டாள்.

முதல் தாள், மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப், அதாவது பொறியியல் கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியல். 2016 முதல் வருகிறது. கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20, பெண்கள், வெளிமாநிலத்தவர் உள்ளிட்டோரின் சேர்க்கைக்கு 10, பெயர் மதிப்புக்கு 10. 'கற்பித்தல்' என்றாலும் வகுப்பில் உட்கார்ந்து யாரும் பாடம் கேட்பதில்லை. ஆசிரியர் எண்ணிக்கை, பிஎச்.டி, அனுபவம், செலவழித்த பணம் இவைதான் கணக்கு.

அவளுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். கற்பனையாக இரண்டு கல்லூரிகள். முதலாவது, மேலே சொன்ன வரிசையில் நூற்றுக்கு 60, 40, 50, 60, 30 வாங்குகிறது. மொத்தம் 49. இரண்டாவது 65, 10, 75, 55, 10 வாங்குகிறது. மொத்தம் 44. முதலாவது முந்திவிட்டது. பட்டியலின் நடுப்பகுதியில் மதிப்பெண்கள் நெருக்கியடித்து நிற்பதால் இந்த ஐந்து மதிப்பெண்ணுக்குள் எத்தனையோ கல்லூரிகள் அடங்கிவிடும். ஆனால் இளநிலை மாணவருக்கு நேரடியாகப் படும் கற்பித்தலையும் வேலையையும் மட்டும் எடுத்தால் 50-க்கு முதலாவதுக்கு 28, இரண்டாவதுக்கு 34.5. அப்படியே தலைகீழ்.

இதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பட்டியல் கல்லூரியின் எல்லாப் பிரிவுகளையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது என்பது. கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தில் இடைநிலைச் சம்பளம் என்று ஒரு கட்டம் உண்டு. வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை அது. வேலை கிடைத்தவர்கள் 700 பேர், அதில் டெக்ஸ்டைல்காரர்கள் 40 பேர், அத்தனை பேரும் வரிசையின் கீழ்ப்பாதியில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 40 பேரின் சம்பளமும் 3 லட்சத்திலிருந்து 2 லட்சமாக இறங்கினாலும் நடு ஆள் மாறமாட்டார். கட்டத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கம்ப்யூட்டர் பிரிவின் கதையை டெக்ஸ்டைல் பிள்ளை தன் கதையாக எடுத்துக்கொள்கிறாள்.

"அப்ப பாடவாரிப் பட்டியல் இருக்குதுங்களே?" என்று இரண்டாவது தாளை நீட்டினாள். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் க்யூ.எஸ் நிறுவனத்தின் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் பட்டியல் அது. அதில் டெக்ஸ்டைல் என்று தனிப் பாடமே கிடையாது. பக்கத்தில் இருப்பதை எடுத்து வந்திருந்தாள்.

பாடவாரி என்ற பெயரே நம்பச் சொல்லும். ஆனால் அதில் கருத்துக்கணிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பல நாட்டுப் பேராசிரியர்களிடமும் வேலை கொடுப்பவர்களிடமும் எந்த நிறுவனம் சிறந்தது என்று கேட்கிறார்கள். மற்றவை, கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பது போன்ற ஆராய்ச்சிக் கணக்குகள். மொத்தப் பல்கலைக்கழகப் பட்டியலில் இருக்கும் ஆசிரியர்-மாணவர் விகிதம்கூட இதில் இல்லை. ஒரு கட்டுரை எந்தப் பாடத்தில் சேரும் என்பது அது வந்த ஆய்விதழின் வகையைப் பொறுத்தது. எழுதியவர் எந்தத் துறையில் வேலை பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது அல்ல. இயற்பியல் துறையினர் நானோ இழை பற்றி எழுதிக் குவித்தால் மெட்டீரியல்ஸில் அந்த இடம் மேலே ஏறும். நூற்பு ஆய்வகத்தில் ரிங் ஃப்ரேம் தூசி படிந்து கிடந்தாலும் அந்த ஏற்றம் குறையாது. முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடுகிறவருக்கு இந்தப் பட்டியல் உதவும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, போன வருஷத்துக் கட்-ஆஃப். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50, ஆக 200-க்கு. மூன்றில் இது ஒன்றுதான் கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாக, இட ஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. தனக்கு எங்கே இடம் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. ஆனால் இது அளப்பது போன வருஷத்துப் பெற்றோரின் விருப்பத்தை. கூட்டம் கம்ப்யூட்டர் பக்கம் ஓடினால், நல்ல டெக்ஸ்டைல் துறையின் கட்-ஆஃபும் சரியும். இவளுக்கு அது லாபம். நல்ல இடம் எட்டும் தூரத்துக்கு வருகிறது.

ஆகவே கட்-ஆஃபை வைத்து எட்டக்கூடிய ஐந்து கல்லூரிகளை எடுத்தோம். மற்ற இரண்டு தாள்களையும் மடித்து வைத்தோம். ஒவ்வொரு துறைக்கும் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன்: நான்கு வருஷத்துக்கு முன்னால் டெக்ஸ்டைலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் அரியர் இல்லாமல் எத்தனை பேர் முடித்தார்கள், எந்த மில்லும் எந்த ஏற்றுமதி நிறுவனமும் எத்தனை பேரை என்ன சம்பளத்துக்கு எடுத்தன.

இரண்டு துறைகள் எண்ணிக்கையோடு பதில் சொன்னார்கள். அந்த இரண்டில் ஒன்றில், "நேர்ல வாம்மா, லேபையும் பாத்துட்டுப் போ" என்றார்கள். மற்ற மூன்றிலும் கல்லூரியின் மொத்த வேலைவாய்ப்பு சதவீதத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சனிக்கிழமை அக்காவும் அவளும் பஸ் ஏறிப் போய், மாணவர்கள் தறியில் கை வைத்து வேலை செய்வதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதைத்தான் முதல் சாய்ஸாகப் போட்டாள்.