மேல் கடைவாய்ப் பல் எடுத்தபின் சைனஸில் துளை: தையலோடு காத்திருப்பதா, சதை இழுத்து மூடுவதா?

மேல் கடைவாய்ப் பல் எடுத்த அன்று இரவு தண்ணீர் குடிக்கும்போது அதே பக்க மூக்கு வழியாகச் சொட்டினால், பல் இருந்த குழிக்கும் அதன் மேலே உள்ள சைனஸ் அறைக்கும் நடுவே வழி திறந்திருக்கிறது என்று பொருள். முதல், இரண்டாம் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிக்கு மேலே ஒரு மெல்லிய எலும்புத் தட்டுதான் சைனஸின் தரை. சிலருக்கு அந்த எலும்பும் இல்லாமல் வெறும் சவ்வுதான் இருக்கும். பல்லை எடுக்கும்போது வேரோடு சேர்ந்து அதுவும் பெயர்ந்து வந்துவிடலாம்.

மூக்கில் தண்ணீர் வருவது மட்டுமே அடையாளம் அல்ல. குழியில் ரத்தம் குமிழியிடும், மூச்சு விடும்போது அங்கே காற்று போவது தெரியும், ஸ்ட்ராவில் உறிஞ்ச முடியாது, குரல் மூக்கடைத்தது போல மாறும். சில நாள் கழித்து வாயில் உப்பான, நாற்றமடிக்கும் கசிவும் கன்னத்தில் கனமும் வந்தால் சைனஸில் சீழ் பிடிக்கிறது. மருத்துவர் அன்றைக்கே சந்தேகிக்க வேண்டிய இடம் எடுத்த பல்லின் வேர்தான். அதில் எலும்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் கவனம் தேவை. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதச் சொல்லிப் பார்க்கும் பரிசோதனையை ஒருமுறை, மிக மென்மையாகச் செய்யலாம். பலமாக ஊதினால் கிழியாமல் இருந்த சவ்வும் கிழிந்துவிடும். வீட்டில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கவே கூடாது. குழிக்குள் கம்பி விட்டு ஆழம் பார்ப்பதும் அதே தவறுதான்.

எந்த வழியைத் தேர்வது என்பதை முதலில் துளையின் அகலம் சொல்லும். 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை தையலும் கட்டுப்பாடும் வேண்டும். 7-ம் அதற்கு மேலும் என்றால் சதையை இழுத்து மூடுவதுதான் வழக்கம். ஆனால் அகலம் மட்டுமே போதாது என்பது எங்கள் கருத்து. குழி எவ்வளவு ஆழம், சைனஸ் சுத்தமாக இருக்கிறதா, நோயாளி புகைப்பவரா என்பவை நடுவில் நிற்கும் துளைகளின் கதியை மாற்றிவிடும்.

தையலோடு காத்திருத்தல்

இங்கே உண்மையில் மூடுவது ரத்தக்கட்டுதான். மருத்துவர் செய்வது அதை இடத்தில் நிறுத்தி வைப்பது. குழிக்குள் கரையக்கூடிய ஜெலட்டின் ஸ்பாஞ்சையோ கொலாஜன் துண்டையோ வைத்து, மேலே எட்டு வடிவத் தையல் போடுவார்கள். ஸ்பாஞ்ச் குழியில்தான் இருக்க வேண்டும், சைனஸுக்குள் தள்ளப்படக் கூடாது. ஆழமான, குறுகலான குழியில் ரத்தக்கட்டு பிடித்து நிற்கும். ஈறு நோயால் எலும்பு தேய்ந்து குழி ஆழமில்லாமல் போயிருந்தால் அது நழுவும். இந்த வழி தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

அதன்பிறகு இரண்டு வாரம், சைனஸுக்கும் வாய்க்கும் இடையே காற்றழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். மூக்குச் சிந்தக் கூடாது, வடிந்தால் துடைக்க வேண்டும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஸ்ட்ரா, பீடி, சிகரெட், பலூன் ஊதுவது எல்லாம் நிறுத்தம். நாதஸ்வரம், சங்கு ஊதுபவர்களும் கபாலபாதி போன்ற மூச்சுப் பயிற்சி செய்பவர்களும் இதை மருத்துவரிடம் தாங்களாகவே சொல்ல வேண்டும், யாரும் கேட்க மாட்டார்கள். விமானப் பயணத்தையும் நீரில் மூழ்கி நீந்துவதையும் தள்ளிப்போடுங்கள். முதல் நாள் கொப்பளிக்க வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்து, தலையைச் சாய்த்துத் தானாக வழிய விட்டால் போதும்.

மூக்கடைப்பைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை மருத்துவர் சொன்னால் மூன்று முதல் ஐந்து நாள் போடலாம். அதற்கு மேல் போட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கேட்டுவிட்டே போட வேண்டும். ஆன்டிபயாட்டிக் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. சைனஸில் தொற்று இருந்தாலோ வரும் என்று பட்டாலோ தருவார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்னரே சொல்லுங்கள்.

சதை இழுத்து மூடுதல்

பழையதும் எளியதும் கன்னப் பக்க ஃபிளாப். 1936-ல் ரேர்மான் விவரித்த முறை இது. குழியின் இரு பக்கமும் சாய்வாக வெட்டி, வெளிப்பக்க ஈறை எலும்பிலிருந்து தூக்கி, அண்ணப் பக்கம் வரை இழுத்துத் தைப்பார்கள். இதன் உயிர்நாடி ஒரே ஒரு வெட்டுதான். ஈறின் அடியில் ஒட்டியிருக்கும் எலும்புறை நீளாது. அதை மட்டும் குறுக்கே கீறிவிட்டால் சதை தளர்ந்து தானாக அந்தக் கரையைத் தொடும். கீறாமல் நூலால் இழுத்துப் பிடித்தால் சில நாளில் தையல் அறுத்துக்கொண்டு துளை மறுபடி திறக்கும். தையல் விழும் இடத்துக்குக் கீழே எலும்பு இருக்க வேண்டும், துளையின் மேலேயே தைக்கக் கூடாது. இந்த முறையின் நஷ்டம், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளம் ஆழம் குறைவது. கழற்றி மாட்டும் பல்செட் பிடிப்பது அந்தப் பள்ளத்தில்தான்.

அந்த நஷ்டம் குறைவாக இருப்பது கன்னக் கொழுப்பை இழுத்து மூடும் முறையில். எக்யெடி 1977-ல் முன்வைத்தது. கடைவாய்ப் பல்லுக்கு மேலே சின்ன வெட்டு வழியாகக் கன்னக் கொழுப்பை மெதுவாக வெளியே கொண்டுவந்து துளையில் நிரப்பித் தைப்பார்கள். அதற்கென்று நல்ல ரத்த ஓட்டம் உண்டு, பெரிய துளைக்கும் போதும். முதல் நாட்களில் மஞ்சளாகவும் பிறகு சிவந்தும் தெரியும். மூன்று நான்கு வாரத்தில் மேலே ஈறுத் தோல் படர்ந்துவிடும். சீழ் என்று பயந்து சுரண்ட வேண்டாம். சில வாரம் வாய் திறப்பது குறையலாம். அண்ணத்திலிருந்து சதையைத் திருப்பி மூடும் முறையும் உண்டு. சதை தடிப்பானது, ஆனால் எடுத்த இடத்தில் எலும்பு வெளியே தெரிந்து வலிக்கும். மற்றவை தோற்ற இடத்தில்தான் நாங்கள் அதைச் சொல்வோம்.

இரண்டையும் ஒருவரிடம் வைத்துப் பார்க்கலாம். 52 வயது, புகைப்பவர். பக்கத்துப் பற்கள் எல்லாம் போய், முதல் கடைவாய்ப் பல் மட்டும் தனியாக நின்றது. அப்படித் தனித்து நிற்கும் பல்லைச் சுற்றிச் சைனஸ் கீழே இறங்கியிருக்கும். அண்ணப் பக்க வேர் எலும்போடு வந்து 5 மில்லிமீட்டர் துளை. அகலத்தைப் பார்த்தால் தையல் போதும். ஆனால் குழி ஆழமில்லை, புகையை நிறுத்துவார் என்ற உறுதியும் இல்லை, பிறகு பல்செட் வேண்டும். இவருக்கு அன்றைக்கே கன்னக் கொழுப்பால் மூடுவதே சரி. இதே 5 மில்லிமீட்டர், ஆழமான குழியும் சுத்தமான சைனஸும் உள்ள, புகைக்காத 30 வயதுக்காரருக்கு வந்தால் தையல்தான் போடுவோம்.

மூட வேண்டும் என்று தெரிந்தால் முதல் ஓரிரு நாளில் மூடுவதே சுலபம். வாரக்கணக்கில் விட்டால் வழியின் உள்பக்கம் தோல் படர்ந்து நிரந்தரக் குழாயாகும். அதன்பின் தானே மூடாது. அந்தத் தோலை முழுக்க அறுத்தெடுத்த பிறகே மூட முடியும். சைனஸில் சீழ் இருக்கும்போது மூடினால் உள்ளே தேங்குவது தையலைத் தள்ளித் திறந்துவிடும். முதலில் தொற்றை அடக்கி, ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகச் சைனஸின் வடிகாலைத் திறந்த பிறகுதான் துளையை மூட வேண்டும். உடைந்த வேர் சைனஸுக்குள் போயிருந்தால் அதை வெளியே எடுத்தாக வேண்டும், அதைக் காத்திருப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரண்டு வாரம் கழித்தும் தண்ணீர் மூக்கில் வந்தால் பல் எடுத்த இடத்துக்கு அல்ல, வாய், முக அறுவை நிபுணரிடம் நேரே போங்கள். காய்ச்சல், நிற்காத ரத்தம், கன்னம் அல்லது கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்குதல் இருந்தால் அந்த இரண்டு வாரத்துக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனை.