“அண்ணாச்சி பேசட்டும்”னா எந்த அண்ணாச்சி? கூட்டப் பதிவைச் சுருக்க மூன்று வழிகள்

பத்தமடைப் பாய்களை வெளியூருக்கு விற்கிற சின்னக் குழு எங்களுடையது, மொத்தம் ஐந்து பேர். மாதம் இரண்டு தடவை பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் கூடுவோம். மேசை நடுவில் போன் ரெக்கார்டு ஆகிக்கொண்டிருக்கும், தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றும். போன கூட்டம் 42 நிமிடம் ஓடியது. என்ன முடிவாச்சு, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்யணும் என்று அதை ஒரே பக்கமாக்க வேண்டும். முன்னெல்லாம் காதால் கேட்டுக் கேட்டு நானே எழுதுவேன், இரண்டு மணி நேரம் போய்விடும். இந்தத் தடவை அதே பதிவை மூன்று வழிகளில் சுருக்கிப் பார்த்தேன்.

மூன்றுக்கும் முதல் படி ஒன்றுதான், ஒலியை எழுத்தாக்குவது. அதற்கு விஸ்பர்:

```
whisper kuttam.wav --language ta --model large-v3
```

இது பேச்சையும் நேரத்தையும் தரும். பேசியது யார் என்று சொல்லாது.

முதல் வழி, அந்த எழுத்தை அப்படியே ஒரு மொழி மாதிரியிடம் கொடுத்து முடிவுகளையும் வேலைகளையும் கேட்பது. ஐந்து நிமிட வேலை, வந்த பக்கமும் படிக்க அழகாகத்தான் இருந்தது. சிக்கல் தமிழில் இருக்கிறது. நாம் ‘நான்’ என்று சொல்வதே குறைவு, “பாத்துக்கிடுதேன்” என்றால் முடிந்தது. வினையின் வாலில் ‘நான்’ இருக்கிறது, ஆனால் அந்த நான் யார் என்பது குரலில் மட்டும்தான் இருக்கிறது. குரலைக் கழற்றிவிட்டால் சுருக்கம் பக்கத்தில் எந்தப் பெயர் கிடைக்கிறதோ அதில் வேலையை ஒட்டிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊராக இருந்தாலாவது பரவாயில்லை, எங்கள் அறையில் இரண்டு அண்ணாச்சி.

இரண்டாவது வழி, பேச்சாளர் பிரிப்பையும் சேர்ப்பது. நான் வைத்தது `pyannote`. ஒலியைச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் குரல் சாயலையும் எண்களாக்கி, ஒத்துப்போகிறவற்றை ஒரே ஆளாகக் குவிக்கும். முதல் ஓட்டத்தில் எங்கள் ஐந்து பேரை ஏழாக்கியது, ஏனென்றால் ஒரு அண்ணாச்சி எழுந்து ஜன்னலோரம் போய் நின்று பேசினார், தூரம் மாறினால் சாயலும் மாறிவிடுகிறது. `num_speakers=5` என்று கொடுத்ததும் சரியாயிற்று. அடையாளம் ‘SPEAKER_00’, ‘SPEAKER_01’ என்றுதான் வரும், கீழே அவற்றை ‘பே1’, ‘பே2’ என்று சுருக்கியிருக்கிறேன். அதனால் கூட்டம் தொடங்கும்போதே ஒவ்வொருவரும் பெயரோடு ஒரு வாக்கியம் பேசிவிட்டால் பின்னால் யார் எவர் என்று பொருத்த வசதி.

இதுதான் தெளிவாக வெல்லும் என்று நினைத்தேன். பாதிதான் வென்றது. கீழே இருப்பது நான் காதால் கேட்டுச் சரிசெய்த வரிகள்:

```
[18:42] பே2: அப்போ கூரியர்காரன்ட்ட யாரு பேசுவா?
[18:45] பே4: அண்ணாச்சி பேசட்டும், அவியளுக்குத்தான் பழக்கம்.
[18:48] பே1: சரி.
[18:49] பே3: வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிருதேன்.
```

பே1, பே3 இரண்டு பேருமே அண்ணாச்சிதான். மூத்தவர் ‘சரி’ என்றது கேட்டுக்கொண்டேன் என்ற அர்த்தத்தில். வேலையை எடுத்துக்கொண்டது இளையவர். இயந்திரம் கொடுத்த வடிவிலோ இந்தக் கடைசி இரண்டு வரியும் பே4 பேசியதாகவே ஒட்டிக்கிடந்தன. ஓரிரு வினாடிக்கு மேல் நீளாத பேச்சில் சாயல் எடுக்கப் போதுமான குரல் இருக்காது, இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் பேசினால் இன்னும் மோசம், பக்கத்தில் நீளமாகப் பேசியவரோடு அது கரைந்துவிடும். கூட்டத்தில் வாக்குறுதி பிறப்பது பெரும்பாலும் இந்தக் குட்டிப் பேச்சுகளில்தான். நீளமாகப் பேசுகிறவர் யோசனை சொல்கிறார், ‘சரி, செஞ்சிருதேன்’ என்கிறவர்தான் வேலைக்கு ஆள்.

அதைவிடப் பெரிய வேடிக்கை, விஸ்பர் எழுதிய சொல். நம்ம ஊர் ‘சொல்லிருதேன்’ அதன் கையில் ‘சொல்லிருந்தேன்’ ஆகிவிட்டது. ஒரு ‘ந்’ கூடியதில் இனிமேல் செய்யப்போகிற வேலை ஏற்கெனவே முடிந்ததாகிவிட்டது! அதனால் இரண்டாவது வழியின் பக்கத்தில் கூரியர் வேலையே இல்லை. முதல் வழியில் “அண்ணாச்சி பேசுவார்” என்றாவது ஒரு வரி இருந்தது. தவறு இருந்தால் கண்ணில் படும், விடுபட்டது படாது.

மூன்றாவது வழி இரண்டு நடை. முதல் நடையில் சுருக்கமே கேட்பதில்லை. பேச்சுகளுக்கு வரிசை எண் போட்டுவிட்டு, முடிவு போலவோ வேலை போலவோ தெரிகிற எல்லா இடத்தையும், சந்தேகமானதையும் சேர்த்து, எண்ணோடும் அந்த வரியின் அசல் சொற்களோடும் எடுக்கச் சொல்வேன். ஒவ்வொன்றிலும் நாலு கட்டம்: யார் கேட்டார், யார் ஏற்றார், எப்போதைக்குள், எந்த வரி. ஏற்ற வரி இல்லையென்றால் கட்டம் காலியாகவே இருக்கணும், ஊகித்து நிரப்பக் கூடாது. இரண்டாம் நடையில் அவற்றைப் பொருள்வாரியாகச் சேர்ப்பது.

கூரியர் விஷயத்தில் ‘ஏற்றவர்’ கட்டம் காலியாக வந்தது. காலி என்பதே தகவல். 18:42-க்குப் போய்ப் பத்து வினாடி கேட்டேன், தீர்ந்தது. இப்படி ஒன்பது இடங்கள் கேட்க வேண்டியிருந்தது, எல்லாம் சேர்த்து 25 நிமிடம்.

இதற்கும் ஓட்டை உண்டு. பதிவைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக்கி முதல் நடை ஓட்டினேன். ஒன்பதாவது நிமிடத்தில் மொத்த ஆர்டருக்கு 50 சதவீதம் முன்பணம் வாங்குவது என்று பேசி முடித்தோம், 31-ஆவது நிமிடத்தில் கணக்கு பார்க்கிற அக்கா “அவ்வளவு கேட்டா ஓடிப்போவான், முப்பது போதும்” என்றதும் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். இரண்டும் வேறு வேறு துண்டில் விழுந்ததால் இரண்டுமே முடிவு என்று வந்தன. பொருள்வாரியாக அடுக்கிய பிறகுதான் மோதல் தெரிந்தது. முதல் வழியிலும் இரண்டு எண்ணும் பக்கத்தில் இருந்தன, ஆனால் வேறு வேறு பத்தியில். இரண்டாவது வழி, முழுப் பேச்சையும் ஒரே மூச்சில் படித்ததாலோ என்னவோ, 30 என்று சரியாகப் பிடித்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

கடைசியாகச் சொன்னதே முடிவு என்று விதி போட்டால் சுலபம்தானே என்று குழுவிலிருக்கும் தம்பி ஒருத்தன் கேட்டான். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மூத்த அண்ணாச்சி “பேசாம நூறு கேளுல” என்று சிரித்ததும் பதிவில் இருக்கிறது. அதனால் என் விதி வேறு: பழைய முடிவை மாற்றும் பேச்சுக்கு அடுத்து இன்னொரு குரல் ஒத்துக்கொண்டிருக்கணும், இல்லாவிட்டால் அது கேள்விக்குறியோடுதான் போகும். ‘பாப்போம்’, ‘யோசிக்கலாம்’ எல்லாம் வேலைப் பட்டியலில் ஏறாது, தனியாக நிலுவை என்று ஒரு மூலை வைத்திருக்கிறேன். நம்ம ஆட்கள் வாயில் ‘பாப்போம்’ என்றால் பாதி நேரம் ‘மாட்டேன்’ என்றுதான் அர்த்தம்.

இப்போதைய ஏற்பாடு இது. வெறும் விவரம் பகிர்கிற கூட்டமென்றால் முதல் வழியோடு நிறுத்திக்கொள்கிறேன். பணமும் தேதியும் பேசுகிற கூட்டத்துக்கு மூன்றாவது, துண்டு போடாமல் முழுப் பதிவையும் ஒரே தடவையில் கொடுத்து. மொழி மாதிரி ஒரே தடவையில் படிக்கிற அளவுக்குள் 42 நிமிடப் பேச்சு தாராளமாக அடங்குகிறது. போனை விசிறிக்கு நேர் கீழே வைப்பதையும் விட்டாச்சு. பக்கத்தைக் குழுவுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் நேரத்தையும் போடுகிறேன். போன தடவை இளைய அண்ணாச்சி “நான் எப்பம்டே சொன்னேன்?” என்று கேட்டார். 18:49 என்றேன். கேட்டுவிட்டு, கூரியர்காரருக்குப் போன் போட்டார்.