ஆறு ஆண்டுகளாகக் கையில் இருக்கும் கிரிம்பிங் கருவி

ஒயர் முனையில் உலோகக் குழாயை நசுக்கிப் பொருத்தும் இந்தக் கருவியைப் பற்றிச் சொல்வதற்கு முன், அதை ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒயரிங் தொழிலுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஐந்து ஆண்டுகள் எல்லோரையும் போலத்தான் வேலை செய்தேன். ஒயரின் தோலை உரிப்பேன், செம்பு இழைகளை விரலால் முறுக்குவேன், மின்னோட்டம் மிகும்போது தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி.யின் துளையில் செருகி ஸ்க்ரூவை முடுக்குவேன். ஒரு மெஸ்ஸில் நடந்த சம்பவத்துக்குப் பிறகுதான் அந்தப் பழக்கத்தை விட்டேன்.

அந்த மெஸ்ஸில் 3 கிலோவாட் தண்ணீர் பாய்லர் ஒன்று இருந்தது. 230 வோல்ட்டில் அது எடுப்பது சுமார் 13 ஆம்பியர். அதற்கு 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் 4 சதுர மி.மீ. செம்பு ஒயரும் போடப்பட்டிருந்தன. கணக்குப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்குப் போட்ட பாய்லர், ஏழே கால் வாக்கில் தானாக அணைந்துவிடும். அதற்குள் இரண்டு முறை எம்.சி.பி.யை மாற்றியிருந்தார்கள். "தம்பி, பேசாமல் 32 போட்டுவிடுங்கள், கூட்ட நேரத்தில் இந்தத் தொல்லை தாங்க முடியவில்லை" என்றார் கடை அக்கா.

கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன், 13 ஆம்பியருக்கு மேல் ஏறவே இல்லை. அப்படியானால் எம்.சி.பி.யை விழ வைப்பது எது? வெளிச்செல்லும் ஒயர் பழுப்பேறி, அதன் தோல் விறைத்துப் போயிருந்தது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் அந்த இடம் 90 டிகிரியைத் தாண்டியது, பக்கத்து எம்.சி.பி.யின் ஒயரோ 45 டிகிரியில் இருந்தது. சாதாரண பி.வி.சி. ஒயரின் கடத்தி தாங்க வேண்டிய வெப்பமே 70 டிகிரிதான். (இந்தத் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் ஸ்க்ரூ மீது காட்டினால் உண்மையைவிடக் குறைவாகச் சொல்லும். ஒயரின் தோல் மீதோ கறுப்பு பிளாஸ்டிக் மீதோ காட்ட வேண்டும்.)

எம்.சி.பி.க்குள் இருக்கும் இரட்டை உலோகப் பட்டை வெப்பத்தால் வளைந்துதான் சுவிட்சை விழ வைக்கிறது. அந்த வெப்பம் அதிக மின்னோட்டத்தால் வந்ததா, பக்கத்தில் தளர்ந்த இணைப்பிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. இணைப்பில் 30 மில்லி ஓம் தடை இருந்தாலே 13 ஆம்பியரில் 5 வாட் வெப்பம் உண்டாகும். கட்டைவிரல் அளவு இடத்தில் 5 வாட் என்பது சிறிய விஷயமல்ல. அந்த நிலையில் 32 ஆம்பியர் போட்டிருந்தால், எச்சரித்துக்கொண்டிருந்த ஒன்றின் வாயை அடைத்ததாக ஆகியிருக்கும்.

மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்துவிட்டு ஒயரை வெளியே எடுத்தேன். வளைந்துகொடுக்கும் 4 சதுர மி.மீ. ஒயரில் 0.3 மி.மீ. தடிமனில் 56 இழைகள் இருக்கும். ஸ்க்ரூ முடுக்கும்போது அவை இருபுறமும் பிதுங்கி, பாதிக்கும் குறைவானவையே பிடியில் இருந்தன. சூடாகி ஆறும்போதெல்லாம் இழைகள் இன்னும் கொஞ்சம் அமர்ந்து பிடி தளரும், தளர்ந்தால் மேலும் சூடாகும். முன்பு யாரோ அதற்கு ஈயம் பற்றவைத்தும் பார்த்திருந்தார்கள். ஈயம் அழுத்தத்தின் கீழ் மெல்ல மெல்ல நசுங்கி விலகிக்கொண்டே போகும், எனவே ஸ்க்ரூவின் கீழ் அது உதவாது.

மறுநாளே கடைக்குப் போய்க் குழாய் லக்குகளையும், சதுரமாக நசுக்கும் ராட்செட் கிரிம்பிங் கருவியையும் வாங்கினேன். இந்த லக்கை ஃபெரூல் என்பார்கள், சில கடைகளில் 'எண்ட் சீலிங் லக்' என்று கேட்டால்தான் புரிகிறது. வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்புக் குழாய், பின்னால் பிளாஸ்டிக் கழுத்து, அவ்வளவுதான். எம்.சி.பி.யின் பெட்டி போன்ற துளைக்கு இதுவோ ஊசி போன்ற பின் லக்கோதான் பொருந்தும். வளைய லக் போல்ட் வைத்து முடுக்கும் பெரிய பிரேக்கர்களுக்கானது.

அன்று செய்ததையே இன்றும் செய்கிறேன். கறுத்த செம்பைப் பளபளக்கும் இடம் வரும்வரை வெட்டித் தள்ளுவேன். வெந்துபோன செம்பை எந்த லக்காலும் காப்பாற்ற முடியாது. 12 மி.மீ. குழாய் உள்ள லக் என்றால், கழுத்துக்குள் போகும் பகுதியையும் சேர்த்து 14 மி.மீ. போல உரிப்பேன், ஓர் இழைகூட வெட்டுப்படாமல். இழைகளை முறுக்காமல் நேராக நுழைத்து, குழாயின் முனையில் செம்பு எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்துவிட்டு, ராட்செட் தானாக விடுபடும் வரை அழுத்துவேன். பிறகு லக்கைப் பிடித்து ஒயரை நன்றாக இழுத்துப் பார்ப்பேன். நூறில் ஒன்று கழன்று வரும், அது போர்டுக்குள் கழலாமல் என் கையில் கழன்றதே என்று நிம்மதியாக இருக்கும்.

கட்டிங் பிளேயரால் நசுக்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் செய்து பார்த்திருக்கிறேன். வெளியே தட்டையாகத் தெரியும், உள்ளே இழைகள் அசையும். கருவி நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்துவதால் இழைகள் இறுகி ஒரே கம்பி போல ஆகின்றன. சதுர வடிவம் டெர்மினலின் தட்டையான பிடியில் முழுப் பக்கமும் பதிகிறது.

லக் நன்றாக இருந்தும் சூடான ஓர் இடம் உண்டு, தவறு என்னுடையதுதான். எம்.சி.பி.யின் ஸ்க்ரூ முழுக்கத் தளராமல் இருந்ததால் லக் பிடிக்குள் போகாமல் அதன் பின்புறம் போய்விட்டது. ஸ்க்ரூ முடுகியது, ஒயரும் அசையவில்லை போலத்தான் தோன்றியது. அன்றிலிருந்து ஸ்க்ரூவை முழுக்கத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துச் செருகுகிறேன். முடுக்கும் விசைக்கு எம்.சி.பி.யின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதையே பின்பற்றுகிறேன். வீட்டு எம்.சி.பி.க்களில் நான் பார்த்தது பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கிறது.

மெஸ்ஸில் பழைய எம்.சி.பி.யின் டெர்மினலும் வெந்திருந்ததால் புதிய 20 ஆம்பியரே போட்டேன். ஒரு மணி நேரம் பாய்லர் ஓடிய பிறகு அதே இடம் 47 டிகிரி காட்டியது, அன்று அறையின் வெப்பம் 36. ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது ஸ்க்ரூ கால் சுற்றுகூட நகரவில்லை.

இனி கருவியின் குறைகள். மூன்றாம் ஆண்டில் இழுத்துப் பார்க்கும் சோதனையில் அடிக்கடி லக்குகள் கழன்றன. நான் லக்குகளைத்தான் சந்தேகித்தேன். பிறகுதான் கைப்பிடி அருகே + மற்றும் − குறியிட்ட சிறு சக்கரம் கண்ணில் பட்டது. அதை + பக்கம் ஒரு பல் நகர்த்தியதும் சரியாகிவிட்டது. என் கருவி 10 சதுர மி.மீ. வரை என்கிறது, ஆனால் அந்த அளவுக்கு இரு கைகளும் தேவை. அதற்கு மேல் போனால் நீளக் கைப்பிடிக் கருவியையோ ஹைட்ராலிக் கருவியையோ இரவல் வாங்குகிறேன். அலுமினிய ஒயருக்கு இந்தச் செம்பு லக் ஆகாது, அங்கே செம்பும் அலுமினியமும் சேர்ந்த பைமெட்டல் லக் வேண்டும்.

கருவியோடு இலவசமாக வந்த லக் பெட்டியில் சிலவற்றில் காந்தம் ஒட்டியது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல லக்குகள் வாங்கினேன். 4 சதுர மி.மீ. லக்கின் கழுத்து சாம்பல் நிறம், 6க்கு மஞ்சள், 2.5க்கு நீலம். ஆனால் 0.75 லக்குக்கும் சாம்பல் நிறம்தான் என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் குழாயின் அளவைப் பார்த்து எடுப்பது நல்லது. கைப்பிடியின் ரப்பர் உறை சென்ற மழைக்காலத்தில் கிழிந்துவிட்டது. இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.